ஜப்பானிய வகுப்பில் மருத்துவரிடம் செல்லும் நடிப்புப் பயிற்சி: "எப்படிப்பட்ட வலி?" என்று கேட்டதும் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள்

சனிக்கிழமை_வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் முதியோர் பராமரிப்புப் பணிக்காக ஜப்பான் செல்லவிருக்கும் ஒன்பது பேருக்கு வாரந்தோறும் மொழி கற்பித்து வருகிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தொடக்க நிலையான N5-ஐ முடித்துவிட்டு, அடுத்த நிலையான N4 தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதம் மருத்துவரிடம் செல்லும் காட்சியை நடிப்புப் பயிற்சியாக வைத்தேன். ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி. "தோ ஷிமாஷ்தா கா", அதாவது "என்ன செய்கிறது?" என்று மருத்துவர் கேட்பார். "அதமா கா இதாய் தெஸ்", "தலை வலிக்கிறது" என்று நோயாளி சொல்வார். எப்போதிலிருந்து என்று கேட்டால் நேற்றிலிருந்து என்பார். மருந்து கொடுத்து, "ஒதாய்ஜினி" என்று உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

சென்ற வாரம் நானே மருத்துவராக அமர்ந்து, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "தோன்னா இதாமி தெஸ் கா?" எப்படிப்பட்ட வலி என்பதுதான் கேள்வி. அதில் உள்ள சொற்கள் அனைத்தும் அவர்களுக்குத் தெரிந்தவையே. ஆனாலும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் பேசவில்லை. ஒருவர் மட்டும் "தொத்தெமோ இதாய் தெஸ்", "ரொம்ப வலிக்கிறது" என்றார். எவ்வளவு வலி என்பதைச் சொன்னாரே தவிர, எப்படிப்பட்ட வலி என்பதைச் சொல்லவில்லை. இதே மாணவர்கள் தமிழில் வலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசக்கூடியவர்கள். இந்தப் பயிற்சியை எப்படி அமைத்தால் உண்மையான பேச்சாக மாறும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

(வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். வகுப்பில் ஹிரகானாவில்தான் எழுதுகிறோம்.)

யோதோ_ஆற்றங்கரை

வணக்கம் அம்மா. நான் ஒசாகாவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையாக இருந்து மொழிபெயர்க்கும் தன்னார்வப் பணியும் செய்கிறேன். உங்கள் மாணவர்கள் மௌனமானதற்குக் காரணம் இலக்கணம் அன்று. அந்தக் கேள்விக்கு ஜப்பானியர்கள் பதில் சொல்லப் பயன்படுத்தும் சொற்கள் தொடக்கநிலைப் பாடங்களில் பெரும்பாலும் வருவதில்லை என்பதுதான் காரணம். அவர்கள் பெயரடைகளைத் தேடுவதில்லை. நம் இரட்டைக்கிளவியைப் போன்ற சொற்களைச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டாம், ஐந்து போதும். பல்வலியிலும் சீழ் கோத்த விரலிலும் நாடித் துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்கும் வலி "ஸுக்கிஸுக்கி". ஊசி முனையால் சுருக்சுருக்கென்று குத்துவது "சிக்குசிக்கு". தீக்காயமோ சிராய்ப்போ காந்துவது போல எரிந்தால் "ஹிரிஹிரி". வயிற்றைத் துளைப்பது போல, முறுக்கிப் பிழிவது போல வந்தால் "கிரிகிரி". கடுமையாக இல்லாமல், ஆனால் விடாமல் உள்ளுக்குள்ளேயே நொந்துகொண்டிருந்தால் "ஷிக்குஷிக்கு". இந்தக் கடைசிச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. விசும்பி அழும் சத்தத்துக்கும் அவர்கள் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அழுது ஓயாத குழந்தையைப் போன்ற வலி என்று மாணவர்களிடம் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

அடுத்தது அட்டை. நோயாளியின் கையில் வாக்கியங்களைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் வாசித்துவிடுவார்கள். ஓர் உடல் வரைபடம், வலி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, ஒரு நாட்காட்டி, ஒரு தட்டு, ஒரு மாத்திரை உறை ஆகியவற்றின் படங்கள் மட்டும் இருக்கட்டும். மருத்துவரின் அட்டையில் கேள்விகள் இருக்கட்டும், ஆனால் நோயாளிக்கு என்ன நோய் என்பது அதில் இருக்கக் கூடாது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் அவர்கள் பேசியாக வேண்டிய தேவை வரும்.

பொதிகைத்_தென்றல்

இதில் இவ்வளவு சிரமம் எதற்கு என்று புரியவில்லை. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு மொழிகள் என்று ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞரே எழுதியிருக்கிறார். வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, இரட்டைக்கிளவி எல்லாமே ஒன்றுதான். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே ஜப்பானிய வாக்கியம் வந்துவிடும். ஒலிக்குறிப்புச் சொற்களையும் தமிழ்க் காதால் கேட்டு ஊகிக்கலாம். நம் "கிறுகிறு"வும் அவர்களுடைய "கிரிகிரி"யும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

யோதோ_ஆற்றங்கரை

ஐயா, வாக்கிய அமைப்பு நமக்கு உதவுகிறது என்பதில் நீங்கள் சொல்வது சரியே. "இடுப்பு" என்று நாம் சொல்லும் இடத்துக்கு அவர்களுடைய "கோஷி" அப்படியே பொருந்துகிறது. "கால்" என்ற ஒரே சொல்லால் நாம் தொடையிலிருந்து பாதம் வரை குறிப்பதைப் போல அவர்கள் "அஷி" என்கிறார்கள். ஆனால் ஒனோ அவர்களின் உறவுக் கொள்கையைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. மருத்துவரின் அறையில் அதை நம்பிச் செல்வது ஆபத்து. நீங்கள் காட்டிய இணையே அதற்குச் சான்று.

நான் உதவிக்குச் சென்ற ஓர் இளைஞர் தலை கிறுகிறுப்பதைச் சொல்ல விரும்பி, "அதமா கா கிரிகிரி ஷிமாஸு" என்றார். மருத்துவருக்கு அது தலையைத் துளைக்கும் கூர்மையான வலியாகக் கேட்டது. எந்தப் பக்கம், வலிப்பதற்கு முன் கண்ணில் ஒளி தெரிகிறதா, வாந்தி வருகிறதா என்று தலைவலிக்கான கேள்விகளாகவே சில நிமிடங்கள் சென்றன. இளைஞர் எழுந்து நின்று தள்ளாடிக் காட்டிய பிறகுதான் அது தலைசுற்றல் என்று தெரிந்தது. அவர் சொல்லியிருக்க வேண்டியது "குரகுர" அல்லது "மெமாய் கா ஷிமாஸு". ஒலி நெருக்கமாக இருந்து பொருள் வேறாக இருக்கும் சொல், அறவே தெரியாத சொல்லைவிட அதிகத் தீங்கு செய்கிறது. தெரியாதவர் கையைக் காட்டியாவது சொல்வார். தெரியும் என்று நினைப்பவர் நிறுத்திக்கொள்வார்.

"எனக்கு" என்பதையும் சொல்லுக்குச் சொல் மாற்ற இயலாது. "வதாஷி நி" என்று தொடங்கினால் வாக்கியம் நிற்காது. "வதாஷி வா" என்று தொடங்கலாம். பெரும்பாலும் அதுவும் தேவையில்லை.

மூன்றாம்_மாடி_அம்மா

என் மகனுக்கு நேர்ந்ததை இங்கே சொல்லலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் நகோயா வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மகனுக்கு இரவில் காய்ச்சல். ஊரிலிருந்து கொண்டுவந்த வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் 102 காட்டியது. காலையில் ஒரு சிறிய கிளினிக்கின் வரவேற்பில், "ஹ்யாக்கு நி தோ தெஸ்", "102 டிகிரி" என்று சொன்னேன். எண்கள் எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் சொன்னேன். அந்தப் பெண் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அக்குளில் வைக்கும் வெப்பமானியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது செல்சியஸில் 38.9 காட்டியது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டிய ஒரு எண்ணை என் குழந்தையின் உடம்புக்குச் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இப்படிப்பட்ட குழந்தைக்கு வீட்டில் என்ன மருந்து கொடுத்து வைக்கலாம் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

தூத்துக்குடிச்_செவிலி

அக்கா, குழந்தைக்கான மருந்தை எடை பார்த்துக் குழந்தைகள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இங்கே எழுதுவது முறையன்று. ஆனால் நீங்கள் சொன்ன எண் இந்த இழைக்கு மிகவும் தேவையானது. நான் சைத்தாமாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறேன். நம் ஊரில் 100, 101, 102 என்றே காய்ச்சலை உணர்ந்து பழகிவிட்டோம். 37.5 என்று கேட்டால் நமக்கு எந்தக் கவலையும் வருவதில்லை. இங்கே பொதுவாக அதைத்தான் காய்ச்சலின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். 38 என்பது நம் 100.4. மாணவர்கள் இந்த இரண்டு எண்களையும் உடம்பில் உணரும் அளவுக்குப் பழக வேண்டும். 38.5 என்பதை "சன்ஜூ ஹச்சி தோ கோ பு" என்று சொல்வதையும் பழக்குங்கள். புள்ளிக்குப் பின்வரும் எண்ணோடு "பு" சேர்ப்பதைப் பாடத்தில் படிக்காதவர்கள் அதை வேறு ஏதோ சொல் என்று நினைத்துத் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன்.

நடிப்புப் பயிற்சியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "நெத்ஸு வா நாய் தெஸ் நே?" என்று மருத்துவர் கேட்பார். "காய்ச்சல் இல்லை, அல்லவா?" என்பது பொருள். தமிழில் நாம் "இல்லை" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் இல்லை என்றாகிவிடும். அதே நினைவில் "இல்லை" என்பதற்கான "ஈயே" என்றால், "நீங்கள் சொல்வது சரியன்று, காய்ச்சல் இருக்கிறது" என்று அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். "ஆம்" என்னும் "ஹாய்", "ஈயே" இரண்டையும் விட்டுவிட்டு, "அரிமாஸு", "இருக்கிறது" என்றோ "அரிமாசென்", "இல்லை" என்றோ வினையாலேயே பதில் சொல்லப் பழக்கினால் இந்தச் சிக்கல் வராது.

சனிக்கிழமை_வகுப்பு

மிக்க நன்றி. நேற்று வகுப்பில் படம் மட்டும் உள்ள அட்டைகளைக் கொண்டு செய்து பார்த்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு அச்சம் தரும் ஒன்று நிகழ்ந்தது.

நோயாளியின் அட்டையில் இருந்தவை இவை: மேல் வயிற்றில் ஒரு புள்ளி, நாட்காட்டியில் வியாழக்கிழமை இரவு, வெறும் தட்டு, அழும் குழந்தை, பல்லைப் பிடித்திருக்கும் ஒருவர், வலி மாத்திரை உறை. பல்வலிக்காக மூன்று நாள் வலி மாத்திரை சாப்பிட்டவருக்கு வெறும் வயிற்றில் விடாத வலி வந்திருக்கிறது என்பதுதான் கதை. மருத்துவராக நடித்தவரின் அட்டையில் கேள்விகள் மட்டும் இருந்தன.

தொடக்கம் நன்றாக இருந்தது. "இ கா ஷிக்குஷிக்கு ஷிமாஸு" என்று நோயாளி இரைப்பையைத் தொட்டுச் சொன்னார். "மொக்குயோபி நோ யோரு கரா தெஸ்", "வியாழன் இரவிலிருந்து" என்றார். சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்று கேட்டதற்கும் சரியாகவே சொன்னார். அதன் பிறகு மருத்துவர், "பென் வா குரோய் தெஸ் கா?" என்று கேட்டார். மலம் கறுப்பாக இருக்கிறதா என்பதே கேள்வி. அவருக்கு "பென்" என்ற சொல் தெரியாது. ஆனால் புன்னகையோடு "ஹாய்" என்றார். வாந்தி எடுத்தீர்களா, "ஹாய்". ஒவ்வாமை உண்டா, "ஹாய்". வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பதற்கும் "ஹாய்" என்றார். அது மட்டும் தற்செயலாக உண்மை. மருத்துவராக இருந்த மாணவர் எழுதிய குறிப்பைப் பார்த்தால், நோயாளியை உடனே இரைப்பை உள்நோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

பேச்சு தடையின்றி ஓடியதால், பார்த்துக்கொண்டிருந்த ஏழு பேரும் கை தட்டினார்கள். நானும் முதலில் மகிழ்ந்தேன். குறிப்பைப் படித்த பிறகுதான் எவ்வளவு பிழை என்று தெரிந்தது.

தூத்துக்குடிச்_செவிலி

அந்தக் குறிப்பை எழுத வைத்தது மிகச் சிறந்த செயல். அதை நிரந்தரமாக்குங்கள். வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டவர் மலம் கறுப்பாக வந்தது என்று சொன்னால், இரைப்பையில் இரத்தக் கசிவோ என்று எந்த மருத்துவரும் ஐயப்படுவார். அப்படிப்பட்ட கேள்விக்குப் புரியாமல் தலையாட்டுவது சிறிய பிழையன்று.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவர் அட்டையிலும், சரியான பதில் "இல்லை" என்று வரவேண்டிய ஒரு கேள்வியை, மாணவருக்குத் தெரியாத சொல்லோடு வையுங்கள். நோயாளி "ஹாய்" என்றால் அவர் தலையாட்டுகிறார் என்று தெரிந்துவிடும். "சுமிமாசென், வகரிமாசென்" என்று புரியவில்லை எனச் சொன்னாலோ, "மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாஸு" என்று மறுபடி சொல்லக் கேட்டாலோ, அதைத்தான் வெற்றியாகக் கொள்ள வேண்டும். இன்னொரு எச்சரிக்கை. "பென்" கற்பித்தால் மட்டும் போதாது. வயதானவர்களிடம் பேசும்போது நாங்கள் "ஒத்ஸூஜி" என்ற மென்மையான சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். "ஒத்ஸூஜி வா தோ தெஸ் கா?" என்று கேட்டால், மலம் ஒழுங்காகப் போகிறதா என்று பொருள்.

வைகைக்கரை_மருத்துவர்

மதுரையில் முப்பது ஆண்டுகள் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது. ஆனால் என் மொழி தெரியாத நோயாளிகளை, குறிப்பாக வடமாநிலத் தொழிலாளர்களை, நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழகான சொல்லைத் தேடாமல், ஒரே விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி, எத்தனை நாள், தொடர்ந்தா விட்டுவிட்டா என்பதைச் சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும். முழு உள்ளங்கையால் வயிற்றைத் தடவுகிறவரின் வலியும் ஒரு விரலால் ஒரு புள்ளியைக் காட்டுகிறவரின் வலியும் வேறு. எனவே இந்த நிலை மாணவர்களுக்கு ஒலிக்குறிப்புச் சொற்கள் அதிகச் சுமை என்று கருதுகிறேன். இடம், காலம், 0 முதல் 10 வரை வலியின் அளவு ஆகிய மூன்றும் போதாதா?

யோதோ_ஆற்றங்கரை

டாக்டர் ஐயா, நோயாளி தனக்காகப் பேசும்போது நீங்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். தவறான ஒலிக்குறிப்பைச் சொல்வதைவிட விரலைக் காட்டுவது மேல் என்பதை அந்தக் கிறுகிறுப்பு நிகழ்ச்சியிலேயே பார்த்தோம். ஆனால் மருத்துவரே "ஸுக்கிஸுக்கி தெஸ் கா, சிக்குசிக்கு தெஸ் கா?" என்று கேட்கும்போது, கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது அச்சொற்கள் வேண்டாமா? சொல்வதற்கு இரண்டு, கேட்டுப் புரிந்துகொள்ள ஐந்து என்று பிரித்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடிச்_செவிலி

எனக்கு இதில் வேறு கருத்து உண்டு. இந்த மாணவர்கள் பராமரிப்புப் பணிக்கு வருகிறவர்கள். இங்கே அவர்கள் நோயாளியாக அமர்வது ஆண்டுக்கு ஒருமுறை என்றால், முதியவர் ஒருவரின் வலியைக் கேட்டுச் செவிலியரிடம் சொல்ல வேண்டியது நாள்தோறும். எண்பது வயதுப் பாட்டி எண் சொல்ல மாட்டார். "ஓனகா கா ஷிக்குஷிக்கு சுரு நோ" என்பார். அதைப் பணியாளர் "வயிற்று வலி" என்று மட்டும் எழுதினால், பாட்டி சொன்னதில் பாதி போய்விடும். ஆகவே அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதப் பழக வேண்டும். காட்சியில் இரண்டு பேருக்குப் பதிலாக மூன்று பேரை வையுங்கள் என்பது என் யோசனை: முதியவர், உடன் வரும் பணியாளர், மருத்துவர்.

வைகைக்கரை_மருத்துவர்

பணியாளராகச் செல்கிறவர்கள் என்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அப்படியானால் நோயாளியின் சொல்லை மாற்றாமல் எழுதுவது மிக முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரே வகுப்பில் இரண்டு வேடங்களையும் சேர்த்தால் எதுவும் நிலைக்காது என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை.

மூன்றாம்_மாடி_அம்மா

மருந்துக் கடையையும் காட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணவருக்குக் கொடுத்த உறையில் "ஷொக்கான்" என்று எழுதியிருந்தது. உணவு, இடை என்று இரண்டு எழுத்துகள். உணவுக்கு இடையில் என்று படித்து, சாப்பாட்டின் நடுவே அதை விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு உணவுக்கும் அடுத்த உணவுக்கும் இடையில், சாப்பிட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து என்பதுதான் அதன் பொருள் என்று நான்காம் நாள் ஒரு மருந்தாளுநர் படம் வரைந்து காட்டினார்.

யோதோ_ஆற்றங்கரை

இது பலருக்கும் நேர்வது. "ஷொக்குசென்" சாப்பாட்டுக்கு முன், "ஷொக்குகோ" சாப்பாட்டுக்குப் பின் என்பதைக் கற்றவர்கள் மூன்றாவதைத் தாங்களே ஊகித்துவிடுகிறார்கள். மருந்தாளுநர் சொன்னதை நோயாளி கடிகார நேரமாக மாற்றித் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காட்சியில் ஒரு விதி வையுங்கள். மதிய உணவு ஒரு மணிக்கு என்றால், "சன்ஜி நி நொமிமாஸு", "மூன்று மணிக்குச் சாப்பிடுவேன்" என்று சொல்லட்டும். "ஷொக்கான்" என்றே திருப்பிச் சொன்னால் புரிந்ததா என்பது தெரியாது.

சனிக்கிழமை_வகுப்பு

அடுத்த வாரத்துக்கு இப்படித் திட்டமிட்டிருக்கிறேன். முதல் சுற்றில் இருவர் மட்டும், டாக்டர் ஐயா சொன்னபடி விரலும் நாட்காட்டியும்தான். இரண்டாம் சுற்றில் மூவர். இரண்டிலும் மருத்துவர் குறிப்பு எழுதுவார். முடிந்ததும் நோயாளியின் அட்டையை அதன் அருகில் வைத்து ஒப்பிடுவோம். கைதட்டல் அதன் பிறகுதான்.

ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை. "உடம்பில் சூடு பிடித்திருக்கிறது, நீர்க் கடுப்பாக இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது?" என்றார். "கரதா கா அத்ஸுய் தெஸ்" என்று சொல்லலாமா?

தூத்துக்குடிச்_செவிலி

அப்படிச் சொன்னால் உடனே வெப்பமானியைத்தான் நீட்டுவார்கள், அது 36.5 காட்டும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். உடம்புச் சூடு என்பது நாம் நோய்க்குச் சொல்லும் காரணம். அதை அவர்கள் அறிய மாட்டார்கள். காரணத்தை விட்டுவிட்டு, எங்கே, எப்போது, என்ன உணர்கிறார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். "ஒஷிக்கோ நோ தோக்கி, இதாய் தெஸ்", "சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறது". அது சற்றுக் குழந்தைப் பேச்சாகத் தோன்றினாலும் மருத்துவருக்கு ஐயமின்றிப் புரியும். எத்தனை முறை போகிறது, காய்ச்சல் உண்டா என்று அவர் அடுத்துக் கேட்பார். ஆகவே அந்த அட்டையில் கழிப்பறைக் கதவும் ஒரு கடிகாரமும் வரைந்துவிடுங்கள். சூரியனை வரைய வேண்டாம்.